லொறிக்குப் படித்த சிங்களம்

கல்முனைக் கடைத்தெரு முடிந்து சாய்ந்தமருது தொடங்கும்போதுதான் வகுப்பை விட்டு வந்துவிட்டேன் என்பது எனக்கே உறைத்தது. பத்தரை மணிக்குத் தேநீருக்கு விட்டார்கள். எல்லோரும் பிளாஸ்டிக் கோப்பையோடு வராந்தாவில் நிற்க, நான் கொப்பியைச் சுருட்டிப் பின்பக்கக் களிசான் பையில் செருகிக்கொண்டு படியிறங்கி, தெற்குப் பக்கமாக நடக்கத் தொடங்கியிருந்தேன். அது புது மாதத்தின் முதல் சனிக்கிழமை. அன்றுதான் அந்த மாதத்துப் பீஸ் கட்ட வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் சட்டைப் பையிலேயே இருந்தது.

வீடு நிந்தவூரில். பஸ்ஸில் ஏறியிருக்கலாம். எனக்கு நடந்தால்தான் யோசனை வரும். நாற்பத்தொரு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவதென்றால் வீட்டுக்குச் சொல்ல ஒரு நியாயம் வேண்டும். அதைக் கட்டி முடிக்க அந்தத் தூரம் போதும்.

சிங்களம் படிக்கப் போனது ஒரு லொறிக்காக. சம்மாந்துறைப் பக்கம் ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அதன் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். அவருடைய லொறி அம்பாறை, உகணைப் பக்கத்துச் சிங்களக் கடைகளுக்கு அரிசி கொண்டுபோகும். கடைக்காரர்களோடு கதைத்து ஓடர் எடுக்கும் ஆள் வெளிநாடு போகப் போகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன்.

"சிங்களம் தெரியுமா?" என்றார்.

"ஒள்ளம், கொஞ்சம் தெரியும், ஹாஜியார்."

"ஒள்ளம் தெரிஞ்ச ஆக்கள் ஏற்கெனவே ஆறு பேர் இரிக்கிறாங்க. சிறுபோக அறுவடை முடிய வா. மூணு மாசம் இரிக்கி. கதைச்சுக் காட்டினா வேலை ஒனக்கு."

மாதச் சம்பளம் உள்ள வேலை. அப்படி ஒன்று எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதன்பிறகு மன்னாரில் உப்பு அள்ளினேன், யாழ்ப்பாணத்தில் கல் அடுக்கினேன், சவூதியில் ஒரு பேரீச்சந் தோட்டத்தில் மூன்று வருடம் தண்ணீர் பாய்ச்சினேன். போன இடமெல்லாம் தமிழோ அரபியோ போதுமாக இருந்தது. பக்கத்திலிருக்கும் அம்பாறை நகரத்துக்குத்தான் என்னிடம் வாய் இல்லை.

ஆகவே ஊரில் எல்லோரும் சொன்ன வகுப்பில் சேர்ந்தேன். மாடியில் ஒரு மண்டபம். சனி, ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. மாதம் இரண்டாயிரத்துக்கு இருபத்துநான்கு மணித்தியாலம் படிப்பு. மணித்தியாலத்துக்கு நூறு ரூபாய்கூட வராது. இதைவிட மலிவாக ஒரு மனிதன் படிக்க முடியாது என்று நினைத்தேன். அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். ஆசிரியர்கள், தாதிமார், பிரதேச செயலகத்துக் கிளார்க்குமார். அவர்களுக்கு இரண்டாம் மொழிச் சோதனை ஒன்று இருக்கிறது. அது பாஸானால்தான் உத்தியோகத்தில் மேலே போகலாம். அதனால் பாடம் முழுவதும் எழுத்து. பழைய வினாத்தாளைக் கரும்பலகையில் போட்டு, இதற்கு இத்தனை புள்ளி, அதற்கு அத்தனை புள்ளி என்று போகும்.

முதல் நாள் படிப்பிக்கும் சேர் கேட்டார், "நீங்க எந்தச் சோதினைக்கு?"

"லொறிக்கு, சேர்."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். நல்ல மனிதர். ஒவ்வொரு நாளும் பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் எல்லோரையும் எழுப்பி நிறுத்தி ஒரே வசனத்தை உரத்துச் சொல்ல வைப்பார். 'ஆயெத் ஹெமின் கியன்ன' - திரும்ப ஆறுதலாக, மெதுவாகச் சொல்லுங்க. சிறுபிள்ளைகள் போல நாற்பது பேரும் கத்துவோம். எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு மாதத்தில் அந்த மண்டபத்தில் என் வாயிலிருந்து வந்த சிங்களம் அது ஒன்றுதான். மற்ற நேரமெல்லாம் வட்ட வட்டமான எழுத்துகளைப் பார்த்து எழுதினேன். நான் ஒரு வரி முடிக்கும்போது அவர் கரும்பலகையை அழித்துவிடுவார்.

அன்று தேநீருக்கு நின்றபோது, பக்கத்து வாங்குப் பலகையில் இருக்கும் தாதி ஒருவர் என் கொப்பியை எட்டிப் பார்த்தார். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"லொறிக்கெண்டா இஞ்ச சரிவராது காக்கா. நாங்க எழுதிப் பாஸாகத்தான் வாறம். மாவடிப்பள்ளியில ஒரு தம்பி இரிக்கார், தனியச் சொல்லிக் குடுக்கிறார். எங்கட வார்டுல ஒராள் அவர்ட்டதான் கதைக்கப் பழகினவ."

அதைக் கேட்டுத்தான் படியிறங்கினேன். காரைதீவுச் சந்தி வந்தபோது யோசனை முடிந்திருந்தது. நேரே போனால் நிந்தவூர். நான் வலப்பக்கம் அம்பாறை வீதியில் திரும்பினேன். இரண்டு பக்கமும் வயல். நெற்பயிர் கணுக்கால் தாண்டி வளர்ந்திருந்தது.

தம்பிக்கு இருபத்தேழு வயது இருக்கும். சிங்களப் பிள்ளைகளோடு தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாலு வருடம் படித்தவர். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. மணித்தியாலத்துக்கு ஆயிரத்தைநூறு என்றார். நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன்.

"கூடவா?" என்றார்.

"இல்ல சேர், நான் வேற ஒரு கணக்குப் பாத்தன்."

"சேர் எண்டு கூப்பிட்டா ரெண்டாயிரம். தம்பி எண்டு சொல்லுங்க காக்கா, ஆயிரத்தைநூறோட நிப்பம்."

அந்த ஒரு மணித்தியாலத்தில் எழுத்தே இல்லை. அவர் கடைக்காரர், நான் லொறிக்காரன். நாட்டரிசி இருக்கா, சம்பா இருக்கா, சிவப்புப் பச்சையரிசி இருக்கா, மூட்டை எத்தனை கிலோ, எப்போது கொண்டுவருவாய். பிழைவிட்டால் அதே இடத்தில் நிறுத்தித் திருத்துவார். மூளை வலித்தது. வெளியே வந்தபோது, ஒரு மாதம் வகுப்பில் கதைத்ததைவிட இருபது மடங்கு கதைத்திருந்தேன். மீதி ஐந்நூறு ரூபாய்க்குப் போனுக்கு டேட்டா போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மனைவி அபாயா தைப்பவள். மெசினை நிறுத்தாமலே கேட்டாள்.

"வகுப்பு பன்னெண்டு மணிக்கு முடியிற. இப்ப லுஹரும் தொழுது முடிஞ்சி. எங்க போன?"

சொன்னேன். மெசின் நின்றது.

"ஒரு மணித்தியாலத்துக்கு ஆயிரத்தைநூறா? இன்னும் ஐந்நூறு போட்டா அங்க ஒரு மாசம் படிக்கலாமே."

"அங்க ஒரு மாசம் இரிக்கலாம். படிக்க ஏலா."

"மத்தவங்க படிக்கிறாங்கதானே?"

"அவங்க எழுதப் பழகின ஆக்கள். நான் பேரீச்சந் தோட்டத்துல அரபி எப்பிடிப் பழகின? ஆரும் எழுத்துக் காட்டினதா? மண்வெட்டி கேட்டா வாளியைத் தருவான். அதைத் திருப்பிக் குடுத்துட்டு வேற சொல்லுச் சொல்லிப் பாப்பன். எனக்குக் காதாலயும் வாயாலயும்தான் ஏறும்."

அவள் கொஞ்ச நேரம் ஊசிக்கு நூல் கோத்தாள். "கிழமைக்கு எத்தின தரம் போகணும்?"

"ரெண்டு தரம் எண்டார்."

"அப்ப மாசம் பன்னெண்டாயிரம். ஹாஜியார்ர வேலையே வேணாம், அந்தத் தம்பிர வேலையை எடுங்க." பிறகு, "ஒரு தரம் போங்க. மத்த நாளைக்குச் சும்மா கிடைக்கிறதைப் படிங்க. போன்ல எல்லாம் இரிக்கிதாமே" என்றாள்.

அப்படித்தான் தீர்மானமானது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் தம்பி, மீதி நானாக.

நானாகப் படிப்பது என்றால் என்ன என்று அந்த மாதம்தான் தெரிந்தது. அப்போது நிந்தவூர் வட்டை வயல்வெளியில் ஒருவருடைய வயலுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். வாய்க்காலைத் திறந்துவிட்டு வரம்பில் உட்கார்ந்திருக்கும் வேலை. நேரம் வேண்டிய மட்டும் இருந்தது. கல்முனையில் முப்பது நாளில் சிங்களம் என்று ஒரு புத்தகம் வாங்கினேன். ஐந்தாம் நாள் பாடத்தில் ஒருவர் ரயிலுக்கு டிக்கட் எடுக்கிறார். ஏழாம் நாள் யானை பார்க்கப் போகிறார். அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனில் வீடியோ பார்த்தேன். ஒரு சிங்களப் பாடம் முடிந்தால் அடுத்ததாகச் சமையல் வரும், அதற்கடுத்து மல்யுத்தம். வரம்பில் நான் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. வயற்காரர் வந்து இரண்டு மொழியிலும் எழுத முடியாததைச் சொல்லிவிட்டுப் போனார்.

செலவு இல்லை, நேரம் நம்முடையது. ஆனால் பிழையாகச் சொன்னால் சொல்வதற்கு ஆளில்லை. இன்றைக்குப் படிக்காவிட்டால் கேட்பதற்கும் ஆளில்லை. வகுப்பு என்றால் ஒன்பது மணி வந்துவிட்டதே என்றாவது எழும்புவோம்.

பிறகு ஒரு வழி தோன்றியது. தம்பியிடம் கேட்டேன்.

"நாம கதைக்கிறதைப் போன்ல பதிஞ்சு எடுக்கட்டுமா? அதுக்கு வேற பீஸா?"

"பதிஞ்சு எடுங்க. ஆனா விக்காதீங்க."

ஆயிரத்தைநூறு ரூபாய் மணித்தியாலத்தை அப்படிக் கிழமை முழுவதும் இழுத்தேன். காதில் வயரைச் செருகிக்கொண்டு வரம்பில் நடப்பேன். அவருடைய கேள்வி வரும், என் பதில் வருமுன் நான் முந்திச் சொல்வேன். முதல் தடவை தடுமாறிய இடத்தில் நாலாம் தடவை தடுமாறவில்லை. புத்தகத்தை எண்ணிக்கை படிக்க மட்டும் வைத்துக்கொண்டேன். நடக்கும்போது மின்கம்பங்களைச் சிங்களத்தில் எண்ணுவேன். எக்க, தெக்க, துன. காரைதீவுச் சந்தியிலிருந்து மாவடிப்பள்ளிக்குப் போகும்போது நூறைத் தாண்டப் பழகினேன்.

எனக்கு உஷார் வந்து துணிச்சல் கூடிவிட்டது. தம்பியோடு ஒரு மணித்தியாலம் நிற்காமல் கதைத்தேன். நான் எதைச் சொன்னாலும் அவருக்கு விளங்கியது. அதில் இருந்த பிசகு அப்போது எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தாய்மொழி தமிழ். நான் மனதில் என்ன தமிழை வைத்துக்கொண்டு அந்தச் சிங்களத்தைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பாதியை நான் சொல்வேன், பாதியை அவர் ஊகிப்பார். காசு வாங்கிக்கொண்டு ஊகிக்கிற கடைக்காரன் அம்பாறையில் கிடைப்பானா?

அறுவடை முடிந்து ஆலைக்கு நெல் வந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை ஹாஜியார் முன்னால் போய் நின்றேன். என்னைக் கூட்டிக்கொண்டு லொறியில் போவார், கடையில் நின்று கதைக்கச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். கை, முகம், மூட்டை எல்லாம் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமில்லை. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தபடி போனை எடுத்து, நம்பரை அழுத்தி, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

"அம்பாறைக் கடை முதலாளி. வழக்கமான ஆள்தான். கதை."

போனில் கதைக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பிலும் இல்லை, தம்பியிடமும் இல்லை, புத்தகத்தின் முப்பது நாளிலும் இல்லை. அந்தப் பக்கம் ஒரு தடித்த குரல். நான் ஆலையின் பெயரைச் சொன்னேன். அவர் மழை கொட்டுவது போலச் சொல்லிக்கொண்டு போனார். பின்னால் கடைச் சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நான் திருப்பி ஏதோ சொன்னேன். அவர் 'மொக்கத, மொக்கத' என்றார். என்ன, என்ன. தம்பி ஒருநாளும் என்னிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

ஹாஜியார் முகட்டைப் பார்த்தார். பக்கத்து மேசைக் கிளார்க் பேனாவைக் கீழே வைத்தார்.

அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "ஆயெத் ஹெமின் கியன்ன" என்றேன். கல்முனை மண்டபத்தில் நாற்பது பேரோடு கத்திய அதே ராகத்தில், அதே சத்தத்தில்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு அந்த மனிதர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். நாட்டரிசி. இருபத்தைந்து கிலோ மூட்டை. தொளஹக். பன்னிரண்டு. மின்கம்பம் எண்ணியது வீண்போகவில்லை. நான் பன்னிரண்டு என்று திருப்பிச் சொன்னேன். ஓம் என்றார். எப்போது வரும் என்று கேட்டார். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"ஹெட்ட" என்றேன். நாளைக்கு.

அவர் நல்லது என்று வைத்துவிட்டார். நான் நிமிர்ந்து நின்றேன்.

ஹாஜியார் நிமிரவில்லை. "எப்ப வாற எண்டு சொன்ன?"

"நாளைக்கு எண்டு."

"லொறி போறது வியாழக்கிழமை."

"நாளைக்கு எண்டா... நாம சொல்ற இல்லயா ஹாஜியார், நாளைக்கு இன்ஷா அல்லாஹ் எண்டு. அப்பிடித்தான்."

எங்கள் ஊரில் தச்சனைக் கேட்டாலும் அதுதான், தையற்காரியைக் கேட்டாலும் அதுதான். நாளைக்கு இன்ஷா அல்லாஹ். கேட்பவருக்கும் தெரியும் அது இந்தக் கிழமைக்குள் என்று. யாரும் விடிய எழும்பி வந்து வாசலில் நிற்பதில்லை. தம்பியோடு பழகிய நாடகத்திலும் ஒவ்வொரு தடவையும் நான் நாளைக்கு என்றே சொல்லி முடித்திருக்கிறேன். அவரும் எங்கள் பக்கத்து ஆள். தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

"இன்ஷா அல்லாஹ்வைச் சொன்னயா?" என்றார் ஹாஜியார்.

"அவருக்கு விளங்காதே எண்டு விட்டுட்டன்."

கிளார்க் மேசைக்கடியில் எதையோ தேடுவது போலக் குனிந்தார். தோள் குலுங்கியது.

"அந்தாள் நாளைக்குக் காலமையே ராக்கைத் தட்டைத் துடைச்சு வச்சிட்டு ரோட்டைப் பாத்துட்டு நிப்பான்" என்றார் ஹாஜியார். "சொன்ன நாளைக்குப் போகாட்டி மறுகா எங்கட அரிசியைத் தொடமாட்டான். பன்னெண்டு மூட்டைக்கு லொறியை அனுப்பினா டீசலுக்குக் காணுமா?"

மூன்று மாதம், தம்பிக்குக் கொடுத்த காசு, மனைவி தைத்த அபாயாக்கள் எல்லாம் அந்த ஒரு சொல்லில் போய்விட்டதாகத் தோன்றியது. போனால் போகட்டும், மன்னாரில் உப்பு இன்னும் இருக்கும் என்று மனம் பயணத்துக்குக் கட்டத் தொடங்கியது. எனக்கு அது பழக்கமான வேலை.

ஹாஜியார் மறுபடி போனை எடுத்தார். உகணையில் ஒருவர், அம்பாறையில் இன்னும் இரண்டு பேர். அவருடைய சிங்களத்தைக் கவனித்துக் கேட்டேன். அவசரமேயில்லை. மற்றவரைப் பேசவிட்டு, கடைசியில் ஒரு சொல் சொல்வார். அரை மணித்தியாலத்தில் அறுபது மூட்டை சேர்ந்தது. நாளைக்கே தருவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

"சுமக்கிற நாட்டாமை ரெண்டு பேரும் வியாழக்கிழமைக்குத்தான் வருவானுகள்" என்றார். "நாளைக்கு மூட்டை தூக்க ஆளில்ல. வாக்குக் குடுத்தது நீ."

"நான் தூக்கிறன்."

"தூக்கு. நாட்டாமைக் கூலி தருவன். ஓடர் எடுக்கிற ஆள் பெருநாளைக்குப் பிறகுதான் போறான். அதுமட்டும் லொறியில போய் வா. அந்தாக்கள்ர வாயைப் பாத்துட்டு நில்லு. மறுகா பாப்பம்."

வெளியே வந்து தம்பிக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கப் போன் சூடாகிவிட்டது.

"நான் நிறுத்தித் திருத்தியிருக்கணும் காக்கா. எனக்கே அது பிழையாப் படல்ல."

"எனக்கு ஒரு வசனம் வேணும். முதலாளிட்டக் கேட்டுட்டுச் சொல்றன் எண்டு."

மூன்று தடவை சொல்லித் தந்தார். "நாலாம் தரம் வேற ஆர்ட்டயாவது சொல்லுங்க. எனக்குச் சொன்னா நான் விளங்கிடுவன். இதுக்குப் பீஸ் இல்ல."

மனைவியிடம் வேலை கிடைத்ததென்றேன். என்ன வேலை என்றாள். சிங்களம் படிக்கும் வேலை, அவர்களே காசு தருகிறார்கள் என்றேன். அவள் மெசினை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "மூட்டையா?" என்றாள். ஓம் என்றேன். "முதுகுக்குத் துவாயை மறந்திடாதீங்க" என்றாள்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு லொறியின் பின்பக்கம் மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து போனேன். விடிய ஆலைக்கு வரும்போது மாவடிப்பள்ளியில் தம்பியின் வீட்டுக் கதவு மூடியே இருந்தது. அம்பாறைக் கடையில் அந்தத் தடித்த குரல்காரர், ஹாஜியார் சொன்னபடியே, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெலிந்த மனிதர். நான் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போக, அவர் எண்ணினார். நானும் கூட எண்ணினேன். தொளஹ வந்ததும் இருவரும் ஒன்றாக நிறுத்தினோம்.

துவாயால் முகத்தைத் துடைக்கும்போது அடுத்த லோட் எப்போது என்று கேட்டார். முதலாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அவர் 'மொக்கத' என்று கேட்கவில்லை. தலையாட்டினார். நான் லொறியில் ஏறினேன். அடுத்த கடைக்கு இன்னும் இருபது மூட்டை இறக்க இருந்தது.